ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்த பத்தி சிறிதாகவும் தெரிவது ஏன்? எழுத்தளவுச் சரிசெய்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாப் பத்திகளுக்கும் 16px என்று ஒரே அளவைக் கொடுத்திருந்தும், கைப்பேசியில் திறந்தால் சில பத்திகள் மட்டும் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிவதுண்டு. இதைக் கண்டவுடன் பலரும் பெரிதாகத் தெரியும் பத்திக்குத் தனியாக 12px கொடுத்துக் குறைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். அளவு மாறியதற்குக் காரணம் நம் CSS நடைதாள் அன்று. உலாவி தானாகச் செய்யும் உருப்பெருக்கம். அந்த உருப்பெருக்கம் பத்தியின் அகலத்தையும் அதிலுள்ள உரையின் நீளத்தையும் பொறுத்தது. ஆகவே நாளை யாரேனும் உரையைச் சுருக்கினால் அந்தப் பத்தி பெரிதாக்கப்படாமல் போகலாம். அப்போது நாம் கொடுத்த 12px படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

எப்படி நிகழ்கிறது என்பதை ஆண்ட்ராய்டு குரோமை வைத்துப் பார்ப்போம். பக்கத்தை எந்த அகலத்தில் அடுக்குவது என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் குறிப்பு இல்லையென்றால், உலாவி அதை 980px அகலமுள்ள மேசைக்கணினிப் பக்கமாகக் கருதி அடுக்கிவிட்டு, 360px திரைக்குள் சுருக்கிக் காட்டுகிறது. 16px எழுத்து அப்போது 6px அளவுக்குத் தெரியும். அதைப் படிக்கத்தக்கதாக்க, நீண்ட உரை உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பகுதியின் அகலத்தைத் திரையின் அகலத்தால் வகுத்து வரும் மடங்கால் எழுத்தைப் பெருக்குகிறது. கட்டுரைப் பகுதி 720px என்றால் மடங்கு ஏறத்தாழ 2. 16px எழுத்து 32px ஆகி, சுருக்கத்திற்குப் பின் 12px அளவில் தெரியும். 32px தலைப்போ இரட்டிப்பாவதில்லை. 16pxக்கு மேற்பட்ட பங்கு குறைவாகவே பெருக்கப்படுவதால், அது 40pxக்கு அருகில் நின்றுவிடும்.

இப்போது அதே பக்கத்தில் `height: 120px` என்று உயரம் நிலைப்படுத்திய ஒரு குறிப்புப் பெட்டி இருப்பதாகக் கொள்வோம். எழுத்தைப் பெரிதாக்கினால் உரை பெட்டியை மீறி வழியும் என்பதால், குரோம் அதைத் தொடுவதே இல்லை. அந்த எழுத்து 6px அளவிலேயே நின்றுவிட, கட்டுரை அதன் இரு மடங்காகத் தெரிகிறது. தனியாக மிதக்கவிட்ட பெட்டியில் இரண்டே வரிகள் இருந்தாலும் இதே நிலைதான். ஏறத்தாழ நான்கு வரி அளவுக்கு உரை இருந்தால்தான் பெருக்கத் தகுந்தது என உலாவி கணக்கிடுகிறது.

உயரம் பற்றிய இந்த விதியிலிருந்து பிறந்த ஒரு தந்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: எல்லா உறுப்புகளுக்கும் `max-height: 999999px` கொடுப்பது. உயரம் கட்டுப்படுத்தப்பட்டதாக உலாவி எண்ணிக்கொள்வதால் பெருக்கம் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அடுத்து வருபவருக்கு அந்த வரியின் நோக்கம் விளங்காது. இதற்கென்றே `text-size-adjust` என்ற பண்பு இருக்கும்போது இத்தந்திரம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பண்பைத் தவறான வரிசையில் இடுவது இன்னொரு தவறு. வியூபோர்ட் குறிப்பு இல்லாத பக்கத்தில் பெருக்கத்தை மட்டும் நிறுத்தினால், பத்திகள் சீராகிவிடும். ஆனால் எல்லாமே 6px அளவில் சீராகிவிடும். முதலில் பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு அமைத்துவிட்டு, அதன் பிறகே பண்பைச் சேர்க்க வேண்டும்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

```css
html {
  -webkit-text-size-adjust: 100%;
  text-size-adjust: 100%;
}
```

இப்பண்பு மரபுரிமையாக இறங்குவது. ஆகவே `html` உறுப்பில் ஒருமுறை எழுதினால் போதும். ஐபோன் சஃபாரிக்கு `-webkit-` முன்னொட்டுடைய வரி தேவை. வியூபோர்ட் சரியாக இருந்தால் இப்பண்பே வேண்டாம் என எண்ணுவோர் ஐபோனைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்க்கட்டும்: இயல்பு மதிப்பான `auto` நிலையில், சஃபாரி அப்போதும் எழுத்தைப் பெரிதாக்கக்கூடும்.

`100%` என்பதற்குப் பதிலாக `none` எழுதும் பழக்கமும் பழைய நடைதாள்களில் காணப்படுகிறது. பழைய மேசைக்கணினி வெப்கிட் உலாவிகளில் அது, பயனர் தாமே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதையும் தடுத்தது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அது பெரும் இடையூறு. ஆகவே `100%` என்பதே பாதுகாப்பானது. மறுபுறம், `125%` போன்ற மதிப்பைக் கொடுத்து எழுத்தளவை நிர்ணயிக்க முயல்வதும் பொருந்தாது. மேசைக்கணினி உலாவிகள் அதைப் பொருட்படுத்தாததால் இரு இடங்களிலும் இரு அளவுகள் வரும். அளவை முடிவு செய்ய `font-size` இருக்கிறது.

சிக்கல் இதனால்தானா என்று அறிய, மேசைக்கணினிக் குரோமின் சாதனப் பார்வையில் கைப்பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அங்கு இந்த உருப்பெருக்கமும் போலச்செய்யப்படுகிறது. சாளரத்தை வெறுமனே குறுக்கிப் பார்த்தால் அது வெளிப்படாது. பண்பை `auto` ஆகவும் `100%` ஆகவும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது பத்திகளின் அளவு கூடிக் குறைந்தால் காரணம் இதுவே. மாறாவிட்டால் நடைதாளிலேயே வேறொரு விதி அளவை மாற்றுகிறதா என்று தேட வேண்டும்.