போனஸ் காசில் லோனை முன்கூட்டியே முடிக்கும்போது பேங்க் போடும் 5 சதவீதக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பது எப்படி

தலவாக்கலையில் ஒரு தனியார் கம்பெனி ஆபீஸில் வேலை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் வரும் போனஸோடு சீட்டுக் காசையும் சேர்த்து, வீட்டுக் கூரை மாற்ற எடுத்த லோனை இந்த வருஷம் ஒரேயடியாக முடித்துவிட்டேன். முடிப்பதற்கு பேங்க் கேட்ட கட்டணத்தைக் குறைக்க மூன்று தடவை பஸ் ஏறி இறங்கினேன். இரண்டு தடவை வீண் அலைச்சல். உங்களுக்கு ஒன்று போதும்.

முதலில் உங்கள் கணக்கு

என் லோன் 6 இலட்சம், வருஷத்துக்கு 15 சதவீத நிலையான வட்டி, 48 மாதம். மாதத் தவணை 16,698 ரூபா. 26 தவணை கட்டியாகிவிட்டது, 22 பாக்கி. பேங்குக்குப் போகும் முன் மீதி முதல் எவ்வளவு என்று நீங்களே பார்த்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் லோன் கல்குலேட்டர்களை நான் நம்புவதில்லை, பல புதுத் தவணையைச் சொல்லுமே தவிர நடுவில் நிற்கும் மீதியைச் சொல்லாது. போனிலேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து இதை அடித்தால் போதும்:

```
=PV(0.15/12, 22, -16698)
```

ஏறக்குறைய 319,440 வரும். 22 தவணையையும் கடைசிவரை கட்டினால் 367,356. ஆக மிச்சமாகும் வட்டி 47,900 அளவு. என் உடன்படிக்கையில் இருந்த கட்டணம் 5 சதவீதம். அதைக் கழித்தாலும் முடிப்பது இலாபம்தான். ஆனால் நாலைந்து தவணைதான் பாக்கி என்றால் மிச்சமாகும் வட்டியைக் கட்டணமே தின்றுவிடலாம். அப்படியானவர்கள் பேசாமல் தவணையைக் கட்டி முடியுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்

கவுண்டரில் "ஏர்லி செட்டில்மென்ட் எவ்வளவு வரும் மிஸ்?" என்று கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் 350,619 என்று எழுதித் தந்தார். நான் நினைத்து வந்தது 336,500 சொச்சம். வெளியே மழை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்று துண்டை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

இரவு வீட்டில் பிரித்துப் பார்த்தேன். மீதி முதல் 319,440. கடைசித் தவணைக்குப் பிறகு போன 9 நாளுக்கு, நாளைக்கு 131 ரூபா வீதம் வட்டி 1,179. மிச்சம் சரியாக 30,000. அது 6 இலட்சத்தின் 5 சதவீதம்! எடுத்த முழுத் தொகைக்குக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். என் கடன் உடன்படிக்கையிலோ "நிலுவையிலுள்ள முதலில்" என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் 15,972 தான்.

அதனால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பதற்கு முன், கட்டணம் எதன்மேல் போடப்பட்டது என்று பாருங்கள். முழுத் தொகையா, மீதியா? உடன்படிக்கையில் அந்த ஒரு வரியைத் தேடி, அடிக்கோடிட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். என்னுடையது ஆங்கிலத்தில், மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாம் தடவை அதைக் காட்டியதும் அந்த மிஸ் "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்றார். பிறகு உள்ளே போய்த் திருத்தி வந்தார். கூடவே துண்டுக் காகிதம் வேண்டாம், திகதியும் முத்திரையும் உள்ள செட்டில்மென்ட் லெட்டர் வேண்டும் என்று கேளுங்கள். அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பிழையைத் திருத்துவது உங்கள் உரிமை, அதற்குக் கெஞ்சத் தேவையில்லை. சரியாகப் போட்ட 5 சதவீதத்தைக் குறைப்பது அவர்கள் விருப்பம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டும் இழுபடும்.

கடிதம்

கிளை முகாமையாளர் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி செய்வது அபூர்வம். சிபாரிசு எழுதி மேலே அனுப்புவார். ஆகவே உங்கள் கடிதம் அவர் அப்படியே கோவையில் வைத்து அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளை படிப்பு, மழையில் ஒழுகும் கூரை எல்லாம் வேண்டாம். பேங்க்காரரின் முக்கியமான பயம், வேறு பேங்கில் குறைந்த வட்டிக்கு எடுத்து இங்கே அடைக்கிறாரோ என்பதுதான். அதை உடைப்பது போனஸ் சிலிப். நான் எழுதியது இது:

> கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
> கடன் கணக்கு இலக்கம் ........: முன்கூட்டித் தீர்க்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரல்
>
> மேற்படி கடனின் 26 தவணைகளையும் தாமதமின்றிச் செலுத்தியுள்ளேன். இவ்வாண்டு எனக்குக் கிடைத்த போனஸையும் என் சேமிப்பையும் கொண்டு மீதியை முழுமையாகத் தீர்க்க விரும்புகிறேன். இதற்காக வேறு எந்த நிறுவனத்திலும் கடன் பெறவில்லை. போனஸ் விபரமுள்ள சம்பளச் சிலிப்பை இணைத்துள்ளேன். எனது சம்பளக் கணக்கு தொடர்ந்தும் உங்கள் கிளையிலேயே இருக்கும்.
>
> எனவே கட்டணமான ரூபா 15,972 ஐத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவை எழுத்தில் அறியத் தந்தால், ஏழு நாட்களுக்குள் பணத்தைச் செலுத்துவேன்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று கொடுத்தேன். கொழும்புக்குப் போகும் கடிதம் மொழிபெயர்ப்புக்காகத் தூங்கக் கூடாதே. பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். "முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது" என்று கடிதத்தில் எழுதாதீர்கள், பாதியிலிருந்துதான் பேச்சு தொடங்கும். அதை நேரில், அவர்கள் மறுத்த பிறகு சொல்லலாம்.

எனக்கு 12 நாள் கழித்துப் பதில். முழுத் தள்ளுபடி இல்லை, 5 சதவீதம் 2 ஆனது, அதாவது 6,389. செட்டில்மென்ட் லெட்டரின் காலம் அதற்குள் முடிந்திருந்தது. நடுவில் இன்னொரு தவணையும் போய்விட்டதால் புது லெட்டரில் மீதியும் கட்டணமும் கொஞ்சம் குறைந்தே வந்தன. 2 சதவீதம் என்பது அந்த லெட்டரிலேயே ஏறிய பிறகுதான் காசைக் கட்டினேன். கட்டிய பிறகு கேட்டால் திருப்பித் தருவதற்கு அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

முகாமையாளர் ஒரேயடியாக மறுத்தால்? மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. ஆனால் உடன்படிக்கையில் இல்லாத கட்டணம், பிழையான கணக்கு போன்றவற்றுக்குத்தான் அங்கே போக வேண்டும், அதுவும் முதலில் பேங்கிடமே எழுத்தில் முறையிட்ட பிறகு. உடன்படிக்கையில் உள்ளதைக் குறைக்கவில்லை என்று முறையிட்டுப் பயனில்லை.

பிறகு சேர்த்தது

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா கொமன்ட்டில் எழுதியிருந்தார். போனஸ் முழுவதையும் கவுண்டரில் "லோனுக்கு" என்று கட்டிவிட்டு வந்தாராம். லோனை முடிக்கச் சொல்லி எழுத்தில் கொடுக்காததால் அது முற்பணத் தவணையாகக் கிடந்து, மாதாமாதம் அதிலிருந்தே கழிந்து, வட்டியும் ஓடியிருக்கிறது. கட்டும் அன்றே செட்டில்மென்ட் லெட்டரின் பிரதியையும், லோனை மூடச் சொல்லும் ஒரு வரிக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

லீசிங் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அங்கே கட்டண சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இனி வரவேண்டிய வட்டியில் எவ்வளவு கழித்துத் தருகிறார்கள் என்று கேளுங்கள், காசு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நானும் ஒன்றை மறந்தேன். சேமிப்புக் கணக்கில் போட்டிருந்த நிலையான கட்டளையை நிறுத்தவில்லை, அடுத்த மாதமும் 16,698 போய்விட்டது. திரும்ப எடுக்க இன்னும் ஒரு கடிதம், இன்னும் ஒரு பஸ். லோன் முடிந்த கடிதத்தை வாங்கும்போதே கட்டளையை நிறுத்தும் படிவத்தையும் கேட்டு, அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பிணை நின்ற இருவருக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி கொடுங்கள். எனக்குப் பிணை நின்ற ஆபீஸ் அண்ணன் அடுத்த மாதம் தன் லோனுக்குப் போனபோது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார்களாம்.