வாட்ச் ஸ்கிரீன்ஷாட்டைக் கீழிருந்து மேலாகப் படிப்போம்

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகமாக நடந்துவிட்டு வந்த மாமா, தன் வாட்ச் காட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "மாப்ள, 41 போட்டிருக்கு. ஃபெயிலா?" பத்தாம் வகுப்பு என்றால் பாஸ்தான். வாட்ச் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் அனுப்பியது இது:

```
Recovery    41%
HRV         24 ms
Resting HR  71 bpm
Sleep       6h 10m
  Deep 38m  REM 1h 12m  Light 4h 20m
Walk        42 min  Avg HR 121
  Zone 1: 8 min  Zone 2: 34 min
```

எல்லோர் கண்ணும் முதலில் மேலே இருக்கும் பெரிய எண்ணுக்குத்தான் போகும். ஆனால் உடல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்லும் அந்த Recovery, கீழே உள்ளவற்றை வைத்துப் போட்ட கணக்கு. அதனால் கீழிருந்து தொடங்குவோம்.

படி 1: வாட்சில் யாருடைய வயது இருக்கிறது?

Zone என்பது இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்த படிநிலை. அதன் எல்லைகளைப் பல வாட்சுகள் வயதை வைத்தே போடுகின்றன. 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் அதிகபட்சத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதில் 60 முதல் 70 சதவீதம் வரை Zone 2, 70 முதல் 80 வரை Zone 3 என்று பிரிப்பது பரவலான முறை. மாமாவுக்கு 54 வயது. 220 − 54 = 166. அப்படியானால் அவருடைய Zone 2 சுமார் 100 முதல் 116 வரை. 121 என்பது Zone 3இல் விழ வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் Zone 3யே இல்லையே?

செயலியில் Profile பக்கத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. வாட்சை அமைத்துக் கொடுத்த மகன் தன் பிறந்த ஆண்டையே போட்டு வைத்திருக்கிறான். 26 வயதுக்கு 116 முதல் 136 வரை Zone 2. அதை மாற்றினோம். வயதைச் சரியாகப் போட்டாலும் இந்தச் சூத்திரம் ஒரு சராசரிதான். ஒருவருடைய உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பே அடங்கி இருக்கும் என்பதால் இந்த எல்லைகள் பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

படி 2: 121 உண்மையில் துடிப்புதானா?

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுமே, அது தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போகும் அலையைப் பார்க்கிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை வீசும் அசைவும் அதே போன்ற ஓர் அலையாகத் தெரியும். அப்போது வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 120 அடி போல வருவதால், அது துடிப்பு என்றே நம்பும்படி இருக்கும்.

மாமாவின் நடைப் பதிவில் Cadence, அதாவது நிமிடத்துக்கு எடுத்து வைத்த அடி, 120. துடிப்பு 121. சந்தேகப்பட இது போதும். மறுநாள் நடக்கும்போது நின்ற உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணச் சொன்னேன். 27 வந்தது, நான்கால் பெருக்கினால் 108. அப்புறம் பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டியதும் வாட்சும் 110ஐ ஒட்டியே காட்டியது. ஆக, வயதும் தப்பு, துடிப்பும் தப்பு. இரண்டு தப்பும் சேர்ந்து Zone 2 என்ற சரியான விடையைக் கொடுத்திருக்கின்றன!

படி 3: தூக்கம்

இங்கே அதிகம் நிற்க வேண்டாம். தூக்கத்தின் நிலைகளை ஆய்வகத்தில் மூளை அலைகளை வைத்துக் கண்டறிவார்கள். வாட்சுக்கு அந்த வசதி இல்லை. அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. ஆடாமல் விழித்துக் கிடந்தால்கூட Light என்று எழுதிவிடும். மொத்த நேரமான 6 மணி 10 நிமிடத்தை ஓரளவு நம்பலாம். Deep 38 நிமிடம் என்பது மொத்தத்தில் சுமார் 10 சதவீதம். அந்த வயதில் அது ஒன்றும் பயப்படும்படி இல்லை.

படி 4: இப்போது 41

இந்த மதிப்பெண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு சூத்திரம். பொதுவாக நேற்றிரவின் Resting HR, HRV, தூக்கம் மூன்றையும் உங்களுடைய வழக்கமான அளவோடு ஒப்பிடுகிறது. Resting HR என்பது ஓய்வில் இருக்கும்போதைய துடிப்பு. HRV என்பது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு; உடல் களைத்திருந்தால் இது பொதுவாகக் குறையும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் 80ஐப் பார்த்து வருத்தப்படுவதில் பொருளில்லை. மாதப் பதிவைத் திறந்தோம். மாமாவுக்கு வழக்கமாக Resting HR 64, HRV 33. அன்று துடிப்பு ஏழு கூடி, HRV ஒன்பது குறைந்திருக்கிறது.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். பதினொரு மணிக்குக் கறிதோசை. அப்புறம் கரண்ட் போய், ஃபேன் இல்லாமல் புழுக்கத்தில் புரண்டிருக்கிறார். நேரம் கழித்துச் சாப்பிட்ட கனமான உணவு, வெக்கை இரண்டுமே இரவில் துடிப்பை ஏற்றக்கூடியவை. காய்ச்சல் தொடங்கும்போதும் இதே மாதிரி ஏறும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று காலை எண்களையும் பார்க்கச் சொன்னேன். 65, 64 என்று இறங்கிவிட்டது. இறங்காமல் நாள்கணக்கில் ஏறியே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் Recovery 95 என்று காட்டினாலும் காத்திருக்கக் கூடாது. உடனே போய்விட வேண்டும்.