ஏற்றிய கழுத்தும் போட்ட துப்பட்டாவும் ஒட்டவைத்தது போலத் தெரிவது ஏன்?

மார்பளவுப் படம் ஒன்று. வி வடிவக் கழுத்து வைத்த நீலக் குர்த்தி, கழுத்தில் மெல்லிய சங்கிலி, முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. படத்தில் இருந்தவரே வந்து, பெரிதாக்கி மாட்ட வேண்டும், குர்த்தியின் கழுத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்றார். நானும் ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, கீழே இருந்த நீலத் துணியை மேலே தடவி நிரப்பிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "துணி மாதிரியே இல்லையே, பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு." அவர் சொன்னது சரி. அந்த ஒரு படத்திலேயே இந்த வேலையில் வரக்கூடிய தவறுகள் பெரும்பாலும் இருந்தன.

முதல் தவறு அந்த ஹீலிங் பிரஷ். அது எடுத்த இடத்தின் இழையை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் போடும் இடத்தோடு கலந்துவிடும். அதனால் தோலின் நிறம் துணிக்குள் கசிந்து, ஓரம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். குளோன் ஸ்டாம்ப் வைத்தால் நிறம் கசியாது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. துணி நிரம்பும், விளிம்பு வராது. தைத்த கழுத்துக்கு மடித்துத் தைத்த ஒரு தடிமன் உண்டு, பைப்பிங் உண்டு, தையல் கோடு உண்டு. இவை இல்லாத கழுத்து, காகிதத்தைக் கத்தரித்து வைத்தது போலத்தான் இருக்கும்.

எனவே புதிதாக நிரப்பப் போகாமல், இருக்கும் கழுத்தையே விளிம்போடு மேலே நகர்த்துவதுதான் நல்லது. வி-யின் இடப்பக்க விளிம்பையும் வலப்பக்க விளிம்பையும், கீழே கொஞ்சம் துணியும் சேர்த்துப் பென் டூலால் தனித்தனியே வெட்டி, தனித்தனி லேயரில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வார்ப் கொடுத்து வளைத்து, புதிய கழுத்தின் வளைவில் உட்கார வைக்கலாம். இரண்டும் நடுவில் சேரும் இடத்தை மட்டும் குளோன் ஸ்டாம்பால் சரிசெய்தால் போதும்.

வளைவு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கழுத்து ஒரு உருளை. சட்டையின் கழுத்து அதைச் சுற்றிப் போகும் வளையம். முன்னால் தொண்டைக்குழிக்குக் கீழே தாழ்ந்து, காரை எலும்பின் மேல் ஏறி, கழுத்தின் பக்கவாட்டில் திரும்பிப் பின்னால் மறைகிறது. படத்தில் தெரியும் பகுதி அந்த வளையத்தின் முன்பாதிதான் என்பதால், இரு முனைகளும் பின்னால் திரும்பிப் போவது போல வளைந்து முடிய வேண்டும். ஒரே சீரான பிறை வடிவமாகப் போட்டு, முனைகளைத் தோளில் சடாரென்று நிறுத்தினால், குழந்தைக்கு உணவூட்டும்போது கட்டும் பிப் போல ஆகிவிடும்.

இன்னொன்று, வளைவின் தாழ்ந்த புள்ளி எங்கே வரும்? முகவாய்க்கு நேர் கீழே என்று கை தானாகப் போகும். முகம் திரும்பலாம், மார்பு கூடவே திரும்பியிருக்க வேண்டியதில்லை. தாழ்ந்த புள்ளி தொண்டைக்குழியின் நேரில் வர வேண்டும். என் படத்தில் முகவாயை நம்பி வைத்ததால், குர்த்தி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. உயரமும் அளவோடு இருக்கட்டும்: தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு விரல் அகலம் விட்டு நிறுத்தினாலே கழுத்து மூடியதாகத் தெரியும்.

வடிவம் சரியாக வந்தும் துணி மிதப்பது போல இருந்தால், காரணம் நிழல். துணி தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த ஒரு நிழல் விழும். அதைத் தாண்டி அகலமான, வெளிறிய இன்னொன்று. பலர் டிராப் ஷாடோவை ஒரு முறை போட்டு முடித்துக்கொள்வார்கள். அது சுற்றிலும் ஒரே அளவில் விழுந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் இப்போது இரண்டு லேயர் வைக்கிறேன், இரண்டும் மல்டிப்ளையில். படம் 3000 பிக்சல் உயரம் என்றால், ஒட்டிய நிழலுக்கு 2 அல்லது 3 பிக்சல் மங்கல், அகன்றதற்கு 15 முதல் 20 வரை. நிறம் கறுப்பு வேண்டாம். முகவாய்க்குக் கீழே தோல் எந்த நிறத்தில் இருட்டியிருக்கிறதோ, அதையே ஐட்ராப்பரால் எடுத்தால் செம்பழுப்பாக இயல்பாக அமையும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூக்கின் நிழலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வெளிச்சத்தைப் பார்க்கும் விளிம்பில் நிழலை மாஸ்க்கால் ஏறக்குறைய அழித்துவிட வேண்டும்.

சங்கிலியை மறந்துவிடாதீர்கள். தோலின் மேல் கிடந்த சங்கிலி இப்போது துணியின் மேல் கிடக்க வேண்டும், அல்லது உள்ளே போக வேண்டும். பாதியில் அறுந்தது போல நிற்கக் கூடாது. அதைத் தனியாக வெட்டி மேல் லேயரில் வைத்தால், அதற்கும் ஒரு நூலளவு நிழல் தேவை.

கழுத்து இரண்டு மூன்று விரலுக்கு மேல் ஏற வேண்டியிருந்தால், நான் துப்பட்டாவுக்குப் போய்விடுவேன். துணியை அவ்வளவு தூரம் இழுத்தால் வேலைப்பாடும் பூக்களும் நீண்டு, உருமாறித் தெரியும். துப்பட்டாவில் முக்கியமான தவறு, எங்கிருந்தோ எடுத்த துப்பட்டாவை வெட்டி ஒட்டுவது. அந்தப் படத்தில் வெளிச்சம் வலப்பக்கம் என்றால், இதில் இடப்பக்கமாக இருக்கும். திருப்பிப் போட்டால் வெளிச்சம் சரியாகும், ஆனால் எந்தத் தோளில் தூக்கிப் போட்டது என்பது மாறிவிடும். இதோடு மல்லுக்கட்டுவதைவிட, அதே கோணத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சம் அதே பக்கத்தில் விழும்படி, கேமராவை அதே உயரத்தில் வைத்து ஒரு துப்பட்டாவைப் படமெடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை.

மடிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பாருங்கள். துணியைத் தாங்குவது தோள். மடிப்புகள் அங்கே நெருங்கிச் சேர்ந்து, மார்பின் குறுக்கே விரிந்து, நடுவில் தொட்டில் போலத் தொய்ய வேண்டும். வார்ப்பை அதிகம் இழுத்தால் மடிப்புகள் தோளை விட்டு விலகி, எதிலும் தொங்காமல் அந்தரத்தில் நிற்கும். ஷிஃபான் என்றால் லேயரின் ஒபாசிட்டியை மொத்தமாகக் குறைத்துவிடும் பழக்கம் உண்டு. உண்மையில் ஒற்றை மடிப்பில்தான் உள்ளே இருப்பது தெரியும், துணி இரண்டு மூன்றாக மடியும் இடம் அடர்ந்திருக்கும். எனவே ஒபாசிட்டியை முழுதாக விட்டு, மாஸ்க்கில் ஒற்றையான இடங்களை மட்டும் சாம்பல் பிரஷ்ஷால் மெலிதாக்குங்கள். முன்னால் விழும் கூந்தல் இருந்தால், அது துப்பட்டாவுக்கு மேல் வர வேண்டுமா, கீழா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீலக் குர்த்தியை இப்படி மறுபடி செய்தபோது, கடைசியில் ஒன்று மட்டும் உறுத்தியது. ஏற்றிய பகுதி மட்டும் மழமழவென்று இருந்தது, அசல் படத்திலோ மெல்லிய புள்ளித் துகள். வார்ப்பில் அது கரைந்துபோயிருந்தது. ஆட் நாய்ஸில் மோனோகுரோமாட்டிக் போட்டு, 100 சதவீதப் பெரிதாக்கலில் பக்கத்துத் துணியோடு ஒத்துப்போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இடவலம் புரட்டிப் பார்த்தேன். வலப்பக்க விளிம்பின் நிழல் கொஞ்சம் தடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதைப் பாதியாகக் குறைத்து அனுப்பினேன்.