கூடுதல் டக்ட் வேலை: வேரியேஷன் ஆர்டரை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் குவாண்டிட்டி சர்வேயர்கள் காண்ட்ராக்டரின் வேரியேஷன் பில்லை, அதாவது ஒப்பந்தத்துக்குப் பிறகு மாறிய வேலைக்கான பில்லை, சரிபார்க்கும்போது கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கலைத்தான் சோதிக்கிறார்கள். பெருக்கல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கூட்டல் பிழை, பழைய டிராயிங் மாதிரியான சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன், அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

ஒரே டக்ட்டை மூன்று முறை அளப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். சமீபத்தில் ஒரு பையன் "எல்லாம் டேலி ஆகுது சார்" என்று நீட்டிய பில்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஹாலுக்கு முதலில் காற்று செல்லும் 500×300 மி.மீ. தகட்டு டக்ட் 20 மீட்டர் போட வேண்டியிருந்தது. பிறகு அறை அமைப்பு மாறியதால் அதற்குப் பதில் 600×400 டக்ட் 36 மீட்டர். சுற்றளவு 2 மீட்டர், ஆக 72 சதுர மீட்டர். இதுவரை சரி.

அடுத்த வரியில் 4 எல்போக்கள், 7.5 சதுர மீட்டர். அதற்கும் கீழே 15 சதவீதம் வேஸ்டேஜ். மொத்தம் 91.4 சதுர மீட்டர்.

அந்த 36 மீட்டர் எப்படி வந்தது என்று கேட்டேன். டக்ட்டின் நடுக்கோட்டில் முனையிலிருந்து முனை வரை அளந்திருக்கிறார்கள், எல்போக்களுக்குள்ளும் புகுந்துதான். நடுக்கோட்டு ஆரம் 600 மி.மீ. உள்ள ஒரு 90 டிகிரி எல்போ ஏறக்குறைய 0.94 மீட்டர் நீளம், நான்குக்கும் 3.8 மீட்டர். அது 36-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. நேர்த்துண்டுகள் மட்டும் 32.2 மீட்டர்தான். எல்போவைத் தனியாகப் பரப்பளவில் எடுக்க வேண்டுமென்றால் நீளத்தை அதன் விளிம்பிலேயே நிறுத்த வேண்டும். எல்போவுக்கு ஊடாகவே அளந்தால், அதைச் செய்வதற்கான கூடுதல் செலவு மட்டும்தான் தனியாக வரலாம், அதுவும் ஒப்பந்தத்தின் அளவை விதி அப்படிச் சொன்னால். இதைக் கண்டுபிடிக்க டிராயிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், பட்டறையின் கட்டிங் லிஸ்ட்டை வாங்கி நேர்த்துண்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அப்புறம் வேஸ்டேஜ். பொருத்தி முடித்த நிகர அளவுக்குப் பணம் தரும் ஒப்பந்தங்களில் தகட்டுக் கழிவு, ஃபிளேஞ்ச், ஹேங்கர் எல்லாம் பொதுவாக ரேட்டுக்குள்ளேயே அடக்கம். வேலைகளின் அளவும் ரேட்டும் உள்ள பட்டியலான பிஓக்யூவின் முன்னுரையைத் திறந்து அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் 15 சதவீதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரிய ஓட்டை இன்னும் பாக்கி. போடாமல் விட்ட பழைய டக்ட்டின் அளவை பில்லில் எங்குமே கழிக்கவில்லை. சுற்றளவு 1.6 மீட்டர், 20 மீட்டருக்கு 32 சதுர மீட்டர். 72-லிருந்து அதைக் கழித்தால் நிகரக் கூடுதல் 40. கேட்டது 91.4! பழைய டக்ட்டைப் பட்டறையில் மடித்து முடித்துவிட்டிருந்தால் அந்தச் செலவு காண்ட்ராக்டருக்குச் சேர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தனி வரியாக, ஆதாரத்தோடு, உத்தரவு வந்த தேதிக்கு முன்பே செய்தது என்ற நிரூபணத்தோடு வர வேண்டும்.

பிஓக்யூ ரேட்டை முழுதாகத் தூக்கி எறிவது

வேலையும் சூழ்நிலையும் ஒன்றாக இருந்தால் ஒப்புக்கொண்ட ரேட்தான். தகட்டின் கனம் கூடினால் ரேட்டில் தகட்டுப் பகுதியை மட்டும் அந்த விகிதத்தில் உயர்த்துங்கள். ஏற்கெனவே குழாய்களும் கேபிள் டிரேயும் நிறைந்த சீலிங்குக்குள் நுழைந்து மாட்ட வேண்டியிருந்தால் கூலிப் பகுதியை மட்டும் திருத்துங்கள். "கஷ்டமான இடம் சார்" என்ற ஒரே காரணத்துக்காகப் புதுக் கொட்டேஷனை ஏற்றுக்கொண்டால், கஷ்டமே இல்லாத தகட்டு விலையும் சேர்ந்து ஏறிவிடும். ரேட்டின் பிரிப்பு கையில் இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை நாட்களை அப்படியே கால நீட்டிப்பாகத் தருவது

இதே பில்லோடு 12 நாள் நீட்டிப்பும், 12 நாளுக்கான சைட் செலவும் கேட்டிருந்தார்கள். மாட்டுவதற்கு 12 நாள் ஆனது உண்மைதான். ஆனால் உத்தரவு வந்த அன்றைய நிலவரப்படி திருத்திய புரோகிராமில், அந்த ஹாலின் சீலிங் மூடும் வேலைக்கு 9 நாள் ஃபுளோட், அதாவது முடிவுத் தேதி தள்ளாமலே தாமதிக்கக்கூடிய அவகாசம், இருந்தது. அதைத் தாண்டிய 3 நாள்தான் கமிஷனிங்கையும் முடிவுத் தேதியையும் தள்ளியது. நீட்டிப்பு 3 நாள், சைட் செலவும் அதிகபட்சம் அந்த 3 நாளுக்குத்தான். வேரியேஷன் ரேட்டிலேயே சைட் செலவுக்கென ஒரு சதவீதம் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதே மேற்பார்வையாளரின் சம்பளம் இரண்டு வழியில் போகும். வேலை தொடங்கியபோது போட்ட முதல் புரோகிராமை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள், அதில் இருக்கும் ஃபுளோட் பல நேரம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

சீலிங் மூடிய பிறகு அளக்கப் போவது

போகாதீர்கள். மூடும் முன்பே இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்து.

வாய்மொழி உத்தரவு

அன்றைக்கே எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.