விலைப்பட்டியலை அப்படியே கடையில் ஏற்றாதீர்கள்

மார்த்தாண்டம் தேன் விற்கும் ஆன்லைன் கடைக்கு, சப்ளையரின் விலைப்பட்டியல் தினமும் எஸ்எஃப்டிபி வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாட்டில் நேற்று 480 ரூபாய். இன்றைய கோப்பில் 48. நடப்பு விலையோடு ஒப்பிட்டு, 20 சதவீதத்துக்கு மேல் மாறிய வரிசையை மட்டும் நிறுத்திவையுங்கள். மற்றவை ஏறட்டும், இதைச் சப்ளையரிடம் கேட்டபின் விடலாம்.

இதைவிட ஆபத்தானது பாதியில் அறுந்த கோப்பு. 600 பொருளில் 250 மட்டும் வந்தால், மீதி 350 பொருளும் சரக்கு இல்லை என்று கடையிலிருந்து மறைந்துவிடும். வரிசைகள் நேற்றைய எண்ணிக்கையில் 90 சதவீதத்துக்கும் கீழே போனால் மொத்தக் கோப்பையும் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், சப்ளையர் `prices.csv.tmp` என்று அனுப்பி, முழுதும் ஏறியபின் `prices.csv` என்று பெயர் மாற்றட்டும். உங்கள் நிரல் `.csv` கோப்பை மட்டும் எடுத்தால் போதும்.