கிளினிக்கில் அம்மாவோடு: ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்புதல்

ஊருக்குப் போகிற பலருக்கு முதல் கிழமையிலேயே வரும் வேலை அம்மாவையோ அப்பாவையோ கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி போன்ற இடங்களின் அரச வைத்தியசாலைகளில் சிங்களம் பேசும் இளம் டொக்டர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் நோயாளியோடு பேசுமளவுக்குத் தமிழ் பழகியிருப்பார்கள். "என்ன வருத்தம், எத்தினை நாளா?" என்று தமிழில்தான் தொடங்குவார்கள். கதை கொஞ்சம் சிக்கலானதும் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையைப் பார்த்து, "நீங்க இங்கிலீஷில சொல்லுங்கோ" என்பார்கள். மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்த தமிழ் டொக்டரும் சில வேளை அப்படிக் கேட்பார்.

கேட்டபடி ஆங்கிலத்துக்குப் போவது பிள்ளைக்குச் சுலபம். திரும்பி வருவதில்தான் பிழை நடக்கிறது. ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு, மருந்துத் துண்டு எழுதி முடியும் வரைக்கும் ஆங்கிலத்திலேயே ஓடும். அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பா. வாசலுக்கு வந்தபிறகு "என்னவாம்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை, குளிசை மாத்தியிருக்கினம்" என்று ஒற்றை வரி பதிலாக வரும். நீங்கள் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள். குளிசை போடப்போவது அம்மா.

மாறுவதற்கு முன் ஒரு வசனம்

டொக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னதும் உடனே தொடங்க வேண்டாம். முதலில் அம்மாவைப் பார்த்துத் தமிழில் ஒரு வசனம் சொல்லுங்கள்: "அம்மா, தலைச்சுத்து எப்ப துவங்கினது எண்டதை டொக்டருக்கு இங்கிலீஷில சொல்லிப்போட்டு உங்களுக்குச் சொல்லுறன்." எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். அது டொக்டருக்கும் ஒரு அறிவித்தல். இந்த ஆங்கிலம் ஒரு கேள்விக்கான பதிலோடு முடியும் என்பது அவருக்கு விளங்கும்.

அதன்பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மூன்று நான்கு வசனம் போதும். "இவ மருந்தை ஒழுங்காப் போடுறேல்லை" போன்ற முறைப்பாட்டை ஆங்கிலத்துக்குள் ஒளித்துச் சொல்லாதீர்கள். தன் பெயரும் மருந்தின் பெயரும் பிள்ளையின் குரலில் ஏறும் சூடும் எந்த மொழியிலும் அம்மாவுக்குப் பிடிபடும். சொல்லியே ஆகவேண்டும் என்றால் தமிழில், அவ முன்னால் சொல்லுங்கள்.

அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். முதலாவது, "களைக்குது" என்பது. எங்களூரில் அது உடம்பு சோர்ந்திருப்பதையும் குறிக்கும், மூச்சு வாங்குவதையும் குறிக்கும். சோர்வு என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கவேண்டிய டொக்டர் அதைப் பார்க்காமல் விடக்கூடும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் தமிழுக்குத் திரும்பி, "நடக்கேக்க மூச்சு வாங்குதோ, இல்லாட்டிச் சும்மா அலுப்போ?" என்று அம்மாவையே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எதிர்மறைக் கேள்வி. டொக்டர், "மருந்து விடேல்லையே?" என்று கேட்க அம்மா "ஓம்" என்பா. ஓம், விடவில்லை என்பதுதான் பொருள். அந்த "ஓம்"ஐ அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், மருந்து விட்டதாக டொக்டர் எழுதிக்கொள்ள இடமுண்டு. ஒற்றைச் சொல்லாகச் சொல்லாமல், "ஒவ்வொரு நாளும் போடுகிறா" என்று முழு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னால் இந்தச் சிக்கல் வராது.

எண்கள் எந்த ஊர்க் கணக்கு

இலங்கையில் இரத்தச் சீனியை ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் லீற்றருக்கு இத்தனை மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்தால் அங்குள்ள எண் வரும். வெறும் வயிற்றில் 162 என்றால் உங்களூர்க் கணக்கில் 9. வகுத்துப் பார்ப்பது உங்கள் விளக்கத்துக்கு மட்டும். அம்மாவுக்குத் திருப்பிச் சொல்லும்போது 162 என்றே சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் இருப்பது அதுதான். போன முறை 180 என்று கேட்டவ இந்த முறை 9 என்று கேட்டால், வருத்தம் மாறிவிட்டது என்று குளிசையையே விட்டுவிடக்கூடும்.

மருந்துப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். கனடாவில் அசெற்றமினோபென் என்று போத்தலில் எழுதியிருப்பதும் இலங்கையில் பரசிற்றமோல் என்பதும் ஒரே மருந்து. இரண்டையும் வேறு வேறென்று நினைத்துச் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிக்கும், அது ஈரலுக்குக் கேடு. நீங்கள் கொண்டுபோன மருந்து எதையும் டொக்டரிடம் வணிகப் பெயரால் சொல்லாமல், பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்துச் சொல்லுங்கள்.

திரும்பும் இடம்

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். அம்மாவுக்குப் பிரஷருக்கு லொசாட்டன் 50 மில்லிகிராம் காலையில் ஒன்று. சீனிக்கு மெற்போர்மின் 500, காலையும் இரவும் சாப்பாட்டோடு ஒவ்வொன்று. படுக்கையை விட்டு எழும்பும்போது தலைசுற்றுகிறது என்று வந்திருக்கிறா. டொக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கிறார், நிற்கும்போது நன்றாக இறங்குகிறது. லொசாட்டனை 25 ஆக்க வேண்டும், மெற்போர்மின் அப்படியே இருக்கட்டும், இரண்டு கிழமையில் திரும்ப வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். (இது ஒரு உதாரணம் மட்டுமே. உங்கள் வீட்டு மருந்தை இதைப் பார்த்து மாற்ற வேண்டாம்.)

இந்த இடத்தில் டொக்டரிடம், "அம்மாவுக்கு ஒருக்காச் சொல்ல ஒரு நிமிசம் தாங்கோ" என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், அவருக்கு அவ்வளவு விளங்கும். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இலங்கையின் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரச வைத்தியசாலையில் தன் வருத்தத்தைத் தமிழில் கேட்டறிவது அம்மாவின் உரிமை.

பிறகு கதிரையோடு அம்மா பக்கம் திரும்புங்கள். கண் டொக்டரிடமும் வாய் அம்மாவிடமுமாக இருந்தால் அடுத்த ஆங்கிலக் கேள்வி உடனே வந்து விழும். முதல் சொல் "அம்மா" என்று இருக்கட்டும். பிரஷர்க் குளிசை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டிக்கொண்டு:

"அம்மா, நீங்க எழும்பேக்க பிரஷர் இறங்குது, அதுதான் தலை சுத்துது. இந்தக் குளிசை இனிக் காலமை அரைவாசிதான். சீனிக் குளிசையில ஒரு மாற்றமும் இல்லை. ரெண்டு கிழமையில திரும்ப வரட்டாம்."

காரணம், மாறுவது, மாறாதது, அடுத்த வருகை என்ற வரிசை அதில் இருக்கிறது. மாறாததைச் சொல்லாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சொல்லாவிட்டால் இரண்டு குளிசையையும் பாதியாக உடைப்பா, அல்லது எது அரை என்று தெரியாமல் நிற்பா.

ஆங்கிலத்தில் பேசி வந்த வேகத்தில், "டொக்டர் டோசை ரெடியூஸ் பண்ணச் சொல்றார், பிகோஸ் ஸ்ராண்டிங் பிரஷர் லோ" என்று வாய் போகும். அது தமிழுக்குத் திரும்பியதாகாது. பிரஷர், ஸ்கான், ஈசிஜி, கிளினிக் எல்லாம் அம்மா நாளாந்தம் பாவிக்கும் சொற்கள், அவை இருக்கட்டும். வினையும் இணைக்கும் சொல்லும் தமிழாக இருந்தால் போதும்: குறை, கூட்டு, நிப்பாட்டு, அதாலை, ஆனா. வேளையைச் சாப்பாட்டோடு கட்டுங்கள். அம்மாவுக்குப் "பின்னேரம்" நாலு மணித் தேத்தண்ணி நேரம். டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னது இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கலாம். "ராச்சாப்பாட்டோட" என்றால் குழப்பமில்லை.

சொல்லி முடித்ததும் "விளங்கினதோ?" என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் பதில் வரும். "காலமை என்ன போடுவீங்க, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். அவ தன் வாயால், "பிரஷர்க் குளிசை அரை, சீனிக்கு முந்தி மாதிரி" என்று சொன்னால் சரி. அவ்வளவு தமிழ் டொக்டருக்கும் விளங்குமென்பதால், பிழை இருந்தால் அவரே திருத்துவார்.

அடுத்த கேள்வியை அம்மாவே கேட்கட்டும். "டொக்டரிட்டக் கேக்க ஏதும் இருக்கோ?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அம்மா தமிழில் கேட்க, டொக்டர் தன் தமிழில் பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே ஆங்கிலத்தில் உதவ வேண்டாம். அவர் சொல் தேடும் அந்த இரண்டு மூன்று விநாடியில் உதவப்போய்த்தான் பேச்சு மறுபடி ஆங்கிலத்துக்குப் போகிறது.

டொக்டர் தாதியோடு சிங்களத்தில் பேசினால் அது அவர்களுடைய வேலைப் பேச்சு. முடிந்ததும், "அம்மாட மருந்தில ஏதும் மாற்றமோ?" என்று கேட்டால் போதும். அரைகுறைச் சிங்களத்தில் மருந்தளவு பேசாதீர்கள். தேவையென்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கடுமையான செய்தி வரக்கூடிய வருகை என்றால், ஆங்கிலத்தை மறைப்பாகப் பாவிக்கலாம் என்று சில குடும்பங்கள் நினைக்கும். அம்மாவுக்கு முன்னாலேயே அவவுக்கு விளங்காத மொழியில் அவவின் வருத்தத்தைப் பேசுவது அவவுக்குச் செய்யும் அநியாயம். முதல் நாள் வீட்டில், "டொக்டர் என்ன சொன்னாலும் உங்களுக்கு நேர சொல்லவோ, என்னட்டச் சொல்லவோ?" என்று அவவையே கேட்டு, அவ சொன்னபடி நடவுங்கள்.

மருந்து எடுக்கும் யன்னலில் இன்னொரு முறை மொழி மாறும். பெரும்பாலும் சின்னக் கடதாசிப் பைகளில், ஆங்கிலச் சுருக்கெழுத்தோடு குளிசை தருவார்கள். bd என்றால் நாளுக்கு இரண்டு முறை, tds என்றால் மூன்று முறை, nocte என்றால் இரவில். யன்னலை விட்டு விலகமுன் ஒவ்வொரு பையையும் துண்டோடு ஒத்துப் பாருங்கள். பேனையை எடுத்து அதே பையில் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: "பிரஷர், காலமை அரை." "சீனி, காலமை 1, ராத்திரி 1, சாப்பாட்டோட." வீட்டிலுள்ள பழைய பைகளில் "காலமை 1" என்று இருக்கும் பிரஷர்ப் பையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.