7700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறையுமா? எடைக் கணக்கைச் சரியாகப் போடும் முறை

மட்டக்களப்பில் ஒருவர், எடை 80 கிலோ. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் சுமார் 60 கிராம், அதாவது 240 கலோரி. சாப்பாட்டில் கை வைக்காமல் இந்தச் சீனியை மட்டும் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், எல்லோரும் போடும் கணக்கு. 240ஐ 365 நாளால் பெருக்கி 7700ஆல் வகுத்தால் வருடத்துக்கு 11.4 கிலோ. அப்படியே ஐந்து வருடத்துக்குப் போடுங்கள்: 57 கிலோ போய், மனிதர் 23 கிலோவில் நிற்பார்! 7700 என்ற எண்ணில் பெரிய பிழை இல்லை. கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 87 வீதம்தான் கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி. பெருக்கினால் அதற்குக் கிட்டத்தான் வருகிறது. அந்த 240 கலோரி இடைவெளி என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைப்பதுதான் பிழை.

இரண்டாவது, இடைவெளி சுருங்குவதைச் சேருங்கள். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் சகாக்களும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் தந்த கணக்குப்படி, நாளுக்கு நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ குறையும். 240ஐ 24ஆல் வகுத்தால் 10 கிலோ. அதில் ஏறத்தாழ பாதி முதல் வருடத்தில் போகும், மீதியில் பெரும்பகுதிக்கு இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். ஐந்து கிலோ குறைந்ததும் உடம்பின் தேவையும் சுமார் 120 குறைந்துவிடுகிறது, ஆகவே இடைவெளியில் பாதிதான் மிச்சம். பத்துக் கிலோவில் இடைவெளியே இல்லை, எடை நின்றுவிடும். இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்றாவது, தராசு. காலையில் கழிப்பறை போய் வந்து, எதுவும் குடிக்குமுன் ஏறுங்கள். தராசு சீமெந்துத் தரையில் இருக்கட்டும். பாய்க்கு மேலே வைத்தால் எடை பிழைக்கும். நாளாந்தம் எழுதி, வாரக் கடைசியில் ஏழையும் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரியைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

ஏனென்றால் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மறுநாள் தராசு ஒரு கிலோகூடக் கூட்டிக் காட்டலாம். நம்ம ஆள் வாரத்துக்குக் குறைப்பது 200 கிராம் அளவு, அது இந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமலே போய்விடும். சோற்றையும் சட்டென்று குறைத்தவர்களுக்கு நேர்மாறாக நடக்கும்: தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தான கிளைகோஜன் கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் சேர்ந்து போகும். முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்ததென்று துள்ளுவது இதனால்தான். (மறுபடி சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வரும்.)

நாலாவது, ஒப்பிடுங்கள். முதல் வாரச் சராசரியை ஐந்தாம் வாரத்தோடு பாருங்கள், இடையில் வேண்டாம். பெண்கள் மாதவிடாய்ச் சுற்றின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. அரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் கணக்கு சரியாகத்தான் போகிறது. எட்டு வாரமாகியும் அசையவில்லையென்றால், விட்ட சீனி பிஸ்கட்டாகவோ பால் தேத்தண்ணியாகவோ திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.